32-ம் 33-ம்: ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போகும் வழி

வாளையாற்றிலும் கோவிந்தாபுரத்திலும் போடிமெட்டிலும் குமுளியிலும் கேரளமும் தமிழகமும் சந்திக்கும் கோடு, ஊர்மக்களின் அன்றாட வாழ்வில் பெரும்பாலும் புலப்படுவதில்லை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்கூடத்திற்குக் கோயம்புத்தூரிலிருந்து இரும்பு வருகிறது. வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்திற்குக் கம்பத்திலிருந்து உரமும், போடியிலிருந்து சாக்கும் வருகின்றன. காலையில் தேனி மாவட்டத்திலிருந்து தொழிலாளரை ஏற்றிவரும் ஜீப்புகள் மாலையில் மலையிறங்குகின்றன. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கோடு தெளிவாகவே இருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் கேரளத்திற்கு 32, தமிழ்நாட்டிற்கு 33.

எல்லையின் இருபுறமும் கடை வைத்திருக்கும் ஒரு வணிகர் இந்த இரண்டு எண்களிலும் பதிவு பெற்றிருப்பது முற்றிலும் முறையானது. சட்டமே அவ்வாறு கேட்கிறது. ஆனால் அவரிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்தின் கணினியில் அவர் இரண்டு சப்ளையர்களாக நிற்கிறார். ஒரே பில்லுக்கு இருமுறை பணம் செலுத்தப்படுவதற்கு இதைவிட எளிய வாய்ப்பு வேறில்லை. தற்செயலாக நிகழ்ந்தால் அது பிழை. தெரிந்தே நிகழ்த்தினால் மோசடி. இரண்டையும் கண்டுபிடிக்க விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. சப்ளையர் பட்டியலும், ஓராண்டுக்கான பணப்பட்டுவாடாப் பதிவும், அவற்றை ஒப்பிடும் சில விதிகளும் போதும். அவ்விதிகளை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

போன பணம் ஏன் எளிதில் திரும்புவதில்லை

வங்கியின் பக்கத்திலிருந்து ஒரு செய்தியை முதலில் சொல்லவேண்டும். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழியே அனுப்பப்படும் பணம், பெறுபவரின் கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக்கொண்டு வரவு வைக்கப்படலாம் என்பது 2010 அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திய நடைமுறை. சரியான எண்ணைத் தரும் பொறுப்பு பணம் அனுப்புபவருடையது. பெயர் ஒன்றாகவும் எண் வேறாகவும் இருந்தாலும் பணம் எண்ணுக்குரிய கணக்கிற்கே போய்ச் சேரக்கூடும். இக்குறையை நீக்கும் பொருட்டு, பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் இறுதியில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

அந்த வசதி தவறான கணக்கிற்குப் பணம் போவதைத் தடுக்க உதவும். ஆனால் சரியான கணக்கிற்கு இரண்டாம் முறை போகும் பணத்தை அது தடுக்காது. பெயரும் எண்ணும் பொருந்துகின்றன. கணக்கில் இருப்பும் இருக்கிறது. அதிகாரம் பெற்றவர் ஒப்புதலும் தந்திருக்கிறார். வங்கியின் கண்ணுக்கு அது குறையற்ற கட்டளை. பணம் வரவான பிறகு, பெறுபவரின் இசைவின்றி வங்கி அதைத் திரும்ப எடுக்கவும் இயலாது. ஆகவே இந்தப் பிழையைப் பிடிக்கக்கூடிய இடம் பணம் செலுத்துபவரின் கணக்கு மேசை ஒன்றே.

இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்தல்

பொருத்திப் பார்த்தல் என்பது புதிய கலையன்று. பீகாரின் கால்நடைத் துறையில் 1996-இல் வெளிவந்த தீவன ஊழலை நினைவுகூரலாம். அவ்வாண்டு ஜனவரியில் சாய்பாசாவில் மாவட்டத் துணை ஆணையராக இருந்த அமித் கரே மேற்கொண்ட சோதனைகளுக்குப் பின்னர் அது வெளிச்சத்திற்கு வந்தது. சரக்கு வழங்காத சப்ளையர்களின் பெயரில் போலி பில்களைக் காட்டி, அரசுக் கருவூலங்களிலிருந்து பல ஆண்டுகளாகப் பணம் எடுக்கப்பட்டிருந்தது. மொத்தத் தொகை ஏறத்தாழ 950 கோடி ரூபாய் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

அவ்வழக்கில் பாமரரும் உடனே புரிந்துகொண்ட சான்று ஒன்று உண்டு. தீவனத்தையும் கால்நடைகளையும் ஏற்றிவந்ததாகப் போக்குவரத்து பில்களில் எழுதப்பட்டிருந்த வண்டி எண்களைப் போக்குவரத்து அலுவலகப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அவற்றுள் பல ஸ்கூட்டர்களுக்கும் கார்களுக்கும் உரியவை எனத் தெரிந்தது. பில்லை மட்டும் பார்த்தால் அதில் குறையில்லை. பதிவேட்டை மட்டும் பார்த்தாலும் குறையில்லை. இரண்டையும் அருகருகே வைத்தபோது பொய் தானே வெளிப்பட்டது. நாம் இங்குக் காணவிருக்கும் விதிகள் யாவும் இந்த ஒரே எண்ணத்தின் விரிவுகளே.

ஒரு பில்லின் கதை

இடுக்கி எல்லையில் ஓர் ஏலத்தோட்டத்தை எண்ணிக்கொள்வோம். பின்வரும் பெயர்களும் எண்களும் விளக்கத்திற்காக அமைத்தவை. தோட்டத்திற்கு நகரில் ஓர் அலுவலகமும், மலையில் ஒரு சரக்கறையும் உண்டு. இரண்டு இடங்களிலும் பில்கள் கணினியில் ஏற்றப்படுகின்றன. பூச்சிமருந்து வழங்கும் வணிகருக்குக் கம்பத்தில் கடை. குமுளியிலும் ஒரு கிளை. பட்டியலில் அவர் இவ்வாறு இருக்கிறார்:

```
V118  Sri Murugan Agencies   33AAAPM0000A...
V243  Shree Murukan Agency   32AAAPM0000A...
```

முருகன் என்னும் பெயரைத் தமிழ் உச்சரிப்பின்படி எழுதியவர் ஒருவர். மலையாள எழுத்தைப் பின்பற்றி எழுதியவர் மற்றொருவர். இருவரும் தவறு செய்யவில்லை. ஆனால் கணினிக்கு இவை இரு வேறு பெயர்கள்.

2024 ஜூன் 12 அன்று கம்பம் கடை ஒரு பில் எழுதுகிறது. எண் 0417/24-25. மருந்தின் மதிப்பு 1,58,000 ரூபாய். 18 விழுக்காடு வரி 28,440. ஆக மொத்தம் 1,86,440 ரூபாய். பில்லின் படம் அன்றே நகர அலுவலகத்திற்கு மின்னஞ்சலில் வருகிறது. அங்கு அது V118-இன் கீழ் ஏற்றப்பட்டு, ஜூன் 28 அன்று நெஃப்ட் வழியே பணம் செலுத்தப்படுகிறது.

மூலப் பில் சரக்கோடு மலைக்குச் செல்கிறது. சில நாள் அங்கேயே கிடந்த பின், சரக்கறை எழுத்தர் அதைக் கணினியில் ஏற்ற முற்படுகிறார். அவர் பழகியது குமுளிக் கிளையோடு. ஆகவே V243-ஐத் தேர்ந்தெடுக்கிறார். பில் எண்ணை 417 என்று மட்டும் பதிகிறார். ஜூலை 19 அன்று அதே 1,86,440 ரூபாய் மீண்டும் போகிறது.

ஒரே பில் எண் இருமுறை வந்தால் எச்சரிக்கும் வசதி பெரும்பாலான கணக்கு மென்பொருள்களில் உண்டு. ஆனால் இங்கு அது வாய் திறக்கவில்லை. சப்ளையர் குறியீடு வேறு, பில் எண்ணும் வேறு. தேதியும், பில்லில் உள்ள ஜூன் 12-க்குப் பதிலாகப் பதிவு செய்த நாளாக எழுதப்பட்டிருந்தது. ஒத்திருந்தது தொகை மட்டுமே.

முதல் விதி: பெயரை விட்டுவிடுக

சப்ளையர் யார் என்பதைப் பெயரைக்கொண்டு தீர்மானிப்பதே முதற்பிழை. பதினைந்து எழுத்துகள் கொண்ட ஜி.எஸ்.டி. பதிவெண்ணில், முதல் இரண்டு மாநிலக் குறியீடு. அடுத்த பத்தும் அந்த வணிகரின் பான் எண். மாநிலங்கள் மாறினாலும் பான் மாறாது. ஆகவே பதிவெண் B வரிசையில் இருக்குமானால், எக்செல் தாளில் D வரிசையில் இவ்வாறு எழுதினால் பான் தனியே வந்துவிடும்:

```
=MID(B2,3,10)
```

பட்டியலை இந்தப் பான் வரிசைப்படி அடுக்கியவுடன் V118-ம் V243-ம் அடுத்தடுத்து வந்து நிற்கும். பெயர்கள் எத்தனை விதமாக எழுதப்பட்டிருந்தாலும் பொருட்டில்லை. பானின் நான்காம் எழுத்து அவர் யார் என்பதையும் சொல்லும்: P என்றால் தனிநபர், F என்றால் கூட்டாண்மை நிறுவனம், C என்றால் கம்பெனி. பெயரில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்றிருந்து, பானின் நான்காம் எழுத்து P என்றிருந்தால், அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பதற்கு அதுவே போதிய காரணம்.

இரண்டு குறியீடுகளில் ஒன்றை நீக்கிவிடவேண்டும் என்பது இதன் பொருளன்று. இரு மாநிலப் பதிவுகளுக்கும் வரிக் கணக்குத் தனித்தனி என்பதால் இரண்டும் தேவைப்படலாம். ஆனால் அவ்விரண்டும் ஒருவரே என்பதைப் பட்டியல் அறிந்திருக்கவேண்டும். சோதனை பான் அளவில் நடைபெறவேண்டும்.

இரண்டாம் விதி: பில் எண்ணைக் கழுவுக

ஜி.எஸ்.டி. விதிகளின்படி பில் எண் பதினாறு எழுத்துகளுக்கு மேற்படாமல், எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு ஆகியவற்றால் அமைந்து, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்கவேண்டும். இவ்வளவு சுதந்திரம் இருப்பதால், ஒரே எண்ணை 0417/24-25 என்றும் 417/24-25 என்றும் 417 என்றும் மூவர் மூன்று விதமாகப் பதிவது இயல்பே. ஒப்பிடுவதற்கு முன் ஆண்டையும் குறிகளையும் முன்னிற்கும் சுழிகளையும் நீக்கிவிடவேண்டும். பில் எண் C வரிசையில் இருப்பின், E-யிலும் F-இலும் முறையே:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(C2),"24-25",""),"/",""),"-","")
=IFERROR(VALUE(E2)&"",E2)
```

முதல் வரி ஆண்டையும் கோடுகளையும் அகற்றுகிறது. மீதமிருப்பது எண் மட்டுமாயின் இரண்டாம் வரி முன்சுழிகளை உதிர்க்கிறது; எழுத்தும் கலந்திருந்தால் அப்படியே விட்டுவிடுகிறது. இப்போது இரண்டு பதிவுகளிலும் 417 என்பதே எஞ்சும். G வரிசையில் தொகை இருப்பதாகக் கொண்டால், பான், கழுவிய எண், தொகை ஆகிய மூன்றையும் ஒரே சாவியாக J வரிசையில் இணைத்து, அச்சாவி எத்தனை முறை வருகிறது என எண்ணலாம்:

```
=D2&"|"&F2&"|"&G2
=SUMPRODUCT(--($J$2:$J$2000=J2))
```

விடை 1-க்கு மேல் வரும் வரிகள் யாவும் ஐயத்திற்குரியவை. சாவியில் தொகையையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. பில் எண் திரும்ப வரலாகாது என்பது ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே உரியது. கம்பம் கடையில் 417 என ஒரு பில்லும், குமுளிக் கிளையில் 417 என மற்றொரு பில்லும் அதே ஆண்டில் முறையாகவே இருக்கலாம். தொகையும் ஒத்திருந்தால்தான் ஐயம் வலுப்பெறும். நிதியாண்டு பிறந்ததும் பலர் எண்ணை 1-இலிருந்து தொடங்குவர் என்பதால், இச்சோதனையை ஒவ்வோர் ஆண்டின் பதிவுகளுக்கும் தனித்தனியே செய்யவேண்டும்.

மூன்றாம் விதி: எண்ணையும் விட்டுவிடுக

பில் எண்ணை 471 என்று மாற்றிப் பதிந்திருந்தால் மேற்சொன்ன விதியும் தோற்கும். வேண்டுமென்றே ஏமாற்றுபவர் முதலில் மாற்றுவது பில் எண்ணைத்தான். ஆகவே மூன்றாவது விதி எண்ணைப் பார்ப்பதேயில்லை: ஒரே பான், ஒரே தொகை, 45 நாட்களுக்குள் இரண்டு பட்டுவாடா. H வரிசையில் பணம் செலுத்திய தேதி இருப்பின்:

```
=COUNTIFS(D:D,D2,G:G,G2,H:H,">="&H2-45,H:H,"<="&H2+45)
```

நம் எடுத்துக்காட்டில் ஜூன் 28-க்கும் ஜூலை 19-க்கும் இடையே 21 நாட்கள். விதி பிடித்துவிடும். ஆனால் இதன் விலை என்னவென்றால், குற்றமற்ற பல பதிவுகளும் உடன் அகப்படும். மாத வாடகையும் இணையக் கட்டணமும் ஒவ்வொரு மாதமும் ஒரே தொகைதான். அத்தகைய சப்ளையர்களை முன்கூட்டியே குறித்து ஒதுக்கிவிட்டு, மிஞ்சியவற்றை மட்டும் ஆராய்தல் நலம். தொகை 5,000, 10,000 என முழு எண்ணாக இருப்பின் தற்செயல் ஒற்றுமைக்கு வாய்ப்பு மிகுதி. 1,86,440 போன்ற தொகை தற்செயலாக இருமுறை வருவது அரிது. எனவே ஒற்றைப்படியான தொகைகளிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கலாம்.

ஐயம் எவ்வாறு உறுதியாகும்

விதி தருவது ஐயம் மட்டுமே. அதைத் தீர்க்க, நிறுவனத்திற்கு வெளியே உருவான ஓர் ஆவணம் வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தில் மாதந்தோறும் 14-ஆம் தேதி உருவாகும் GSTR-2B என்னும் அறிக்கை இதற்கு மிகவும் ஏற்றது. சப்ளையர்கள் தாங்கள் எழுதிய பில்களாக அரசுக்குத் தெரிவித்தவை அதில் இருக்கும். நம் தோட்டத்தின் புத்தகத்தில் இரண்டு பில்கள். அறிக்கையிலோ 33 பதிவின் கீழ் 0417/24-25 என ஒன்றே ஒன்று. 32 பதிவின் கீழ் அத்தகைய பில் எதுவுமில்லை.

எல்லைப் பகுதிக்கே உரிய மற்றோர் அடையாளமும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்திற்கு வரும் சரக்கின் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. மட்டுமே இருக்கும். கேரளத்திற்குள்ளேயே வாங்கினால் மத்திய வரியும் மாநில வரியும் பாதிபாதியாக இருக்கும். நகர அலுவலகம் 28,440 ரூபாயை ஐ.ஜி.எஸ்.டி. எனப் பதிந்தது. சரக்கறையோ V243-ஐத் தேர்ந்தெடுத்ததால், மென்பொருள் அதையே 14,220, 14,220 எனப் பிரித்துவிட்டது. ஒரே பில் இரண்டு வகை வரியையும் சுமக்க இயலாது. காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்த கணமே எது உண்மை எனத் தெரிந்துவிடும். சரக்கு வந்த வண்டிக்குரிய இ-வே பில்லும் ஒன்றே இருக்கும்.

உறுதியானவுடன் சப்ளையரிடம் அவருடைய பேரேட்டின் நகலைக் கேட்கவேண்டும். நேர்மையான வணிகரின் புத்தகத்தில் இரண்டாவது தொகை முன்பணமாக நிற்கும். அதை அடுத்த பில்லில் கழிப்பதாக எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். இத்துடன் வேலை முடிவதில்லை. இரண்டாவது பதிவின்மூலம் 28,440 ரூபாய் உள்ளீட்டு வரிச்சலுகையும் எடுக்கப்பட்டிருந்தால் அதையும் திருப்பிச் செலுத்தவேண்டும். தவறாக எடுத்துப் பயன்படுத்தப்பட்ட சலுகைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் உண்டு. இருமுறை போன பில்லின் முழு விலை இதுதான்.

பட்டியலுக்குள் ஒளிந்திருப்பவர்கள்

இதுவரை கண்டது பெரும்பாலும் கவனக்குறைவின் விளைவு. சப்ளையர் பட்டியலையே கருவியாக்கும் மோசடி வேறு வகையது. பட்டியலில் பெயர் சேர்க்கும் உரிமை உள்ளவர், இல்லாத ஒரு சப்ளையரைச் சேர்த்து, பணத்தைத் தமக்கு வேண்டியவரின் கணக்கிற்கு அனுப்புவார். பெயர், முகவரி, பில் ஆகிய அனைத்தையும் அவரால் புனைய முடியும். அவர் புனைய முடியாதது ஒன்றே: பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு. அது உண்மையாகவே இருந்தாகவேண்டும்.

ஆகவே கணக்கு எண்ணைக்கொண்டு இரண்டு ஒப்பீடுகள் செய்யவேண்டும். ஒன்று, சப்ளையர் பட்டியலில் ஒரே கணக்கு எண் இரு வேறு பான்களின் கீழ் இருக்கிறதா என்பது. மற்றொன்று, சப்ளையரின் கணக்கு எண் எதுவும் ஊழியர்களின் சம்பளக் கணக்கு எண்ணாக இருக்கிறதா என்பது. கணக்கு எண் K வரிசையிலும், ஊழியர் பட்டியல் Staff என்னும் தாளிலும் இருப்பின்:

```
=SUMPRODUCT(--($K$2:$K$500=K2))
=SUMPRODUCT(--(Staff!$B$2:$B$200=K2))
```

இங்கு ஒரு நுணுக்கத்தை அறிந்திருத்தல் இன்றியமையாதது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை வெறும் எண்ணாகப் பதிந்தால் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். முன்னிற்கும் சுழிகளும் மறைந்துவிடும். எனவே அவ்வரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என வகுத்துக்கொண்டு பதியவேண்டும். அப்படிப் பதிந்தாலும், பலரும் பயன்படுத்தும் COUNTIF என்னும் சூத்திரம் அதை எண்ணாகவே எடுத்துக்கொண்டு முதல் 15 இலக்கங்களை மட்டும் ஒப்பிடும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இருவரின் கணக்குகள் ஒன்றெனத் தோன்றும். குற்றமற்ற ஊழியர் ஒருவர்மீது வீண்பழி விழும். மேலே SUMPRODUCT பயன்படுத்தப்பட்டிருப்பது இக்காரணத்தால்தான்.

ஒப்பீட்டில் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைச் சேர்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1-இல் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. 2020 ஏப்ரல் 1-இல் வேறு பல வங்கிகள் இணைந்தன. கிளைகளின் குறியீடுகள் அப்போது மாறின. பழைய பட்டியல்களில் ஒரே கணக்கு, பழைய குறியீட்டோடு ஓரிடத்திலும் புதிய குறியீட்டோடு மற்றோரிடத்திலும் நிற்கக்கூடும்.

ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சிறு வழங்குநர்களும் நம் பகுதியில் மிகுதி. விறகு, சாணியுரம், ஜீப் வாடகை ஆகியவற்றில் பானோ பில் எண்ணோ கிடைக்காமல் போகலாம். ஜீப் வாடகைக்கு வண்டி எண், நாள், நடை ஆகிய மூன்றையும் சாவியாக்கலாம். ஒரே வண்டி ஒரே காலை நேரத்தில் இரு வேறு தோட்டப் பிரிவுகளுக்கு ஆளிறக்கியதாகப் பில் வந்தால் சாவி அதைக் காட்டிக்கொடுக்கும். வண்டி எண்களைப் போக்குவரத்துத் துறையின் வாகனப் பதிவுகளோடு ஒத்துப் பார்த்தால், ஜீப்பின் பெயரில் மோட்டார் சைக்கிள் ஓடியதா என்பதும் தெரியும். சாய்பாசா கற்பித்த பாடம் இன்றும் பழையதாகவில்லை.

பொருத்தம் பார்க்க முடியாத ஒன்று

இவ்விதிகள் எதற்கும் சிக்காத ஒரு வழியும் உண்டு. சப்ளையர் உண்மையானவர், பில்லும் உண்மையானது, கணக்கு எண் மட்டும் இடையில் மாற்றப்படுகிறது. பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி., சவூதி அராம்கோவிற்கு விற்ற நாஃப்தாவின் விலை தொடர்பாக 2015-இல் எழுந்த புகார் இவ்வகையது. ஓ.என்.ஜி.சி.யின் மின்னஞ்சல் முகவரியில் ongc என்பதை ognc என இரண்டு எழுத்துகள் இடம் மாற்றிய முகவரியிலிருந்து, பணத்தை வேறு கணக்கிற்கு அனுப்புமாறு வாங்கியவருக்குச் செய்தி போயிற்று. புகாரில் கூறப்பட்ட தொகை ஏறத்தாழ 197 கோடி ரூபாய்.

புதிய கணக்கு எண் பட்டியலில் வேறு எவருடையதும் அன்று. ஊழியருடையதும் அன்று. எனவே ஒப்பிட வேண்டியது ஒரு பதிவை மற்றொரு பதிவோடு அன்று. இன்றைய பட்டியலைச் சென்ற மாதப் பட்டியலோடு. மாதக் கடைசியில் சப்ளையர் பட்டியலின் நகலொன்றை, பட்டியலை மாற்றும் உரிமையற்ற ஒருவரிடம் சேமித்து வைக்கவேண்டும். அடுத்த மாத நகலோடு ஒப்பிட்டு, கணக்கு எண் மாறிய பெயர்களை மட்டும் பிரித்தெடுக்கவேண்டும். நடுத்தர நிறுவனத்தில் அவை பெரும்பாலும் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். ஒவ்வொரு மாற்றத்திற்கும், மாற்றம் கேட்டு வந்த கடிதத்தில் உள்ள எண்ணில் அன்றி, பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணில் சப்ளையரை அழைத்துக் கேட்கவேண்டும்.

மாதத்தின் நடுவில் எண்ணை மாற்றி, பணத்தை அனுப்பிவிட்டு, மாத இறுதிக்குள் பழைய எண்ணையே மீண்டும் பதிந்துவிட்டால் மாத நகல்களில் அதன் சுவடு இராது. அதற்கு மென்பொருளின் மாற்றப் பதிவைத்தான் நாடவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்கவேண்டும். அவ்வசதியை நிறுத்தவும் இயலாதிருக்கவேண்டும் என்பது சட்டம். தனிநபர் நிறுவனங்களுக்கு அக்கட்டாயம் இல்லை. அவர்கள் வங்கியின் பட்டுவாடா அறிக்கையில் உள்ள கணக்கு எண்களைத் தம் பட்டியலோடு ஒப்பிட்டாலும் அதே விடை கிடைக்கும். பணம் உண்மையில் எங்கே போயிற்று என்பதற்கு வங்கி அறிக்கையைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

பணம் தவறான கணக்கிற்குப் போயிற்று என்று தெரிந்தால், உடனே கிளைக்கும் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணிற்கும் தெரிவிக்கவேண்டும். பெறுபவர் தொகையை எடுத்துவிடும் முன்னர் அக்கணக்கை முடக்குவதற்கு உள்ள வாய்ப்பு மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும்.

எச்சரிக்கையோடு ஒரு சொல்

ஒரே கணக்கு எண் இரண்டு சப்ளையர்களுக்கு இருப்பது எப்போதும் குற்றமாகாது. ஒரு குடும்பத்தார் இருவர் கூட்டுக் கணக்கு வைத்திருக்கலாம். ஊழியரின் மனைவி தோட்டத்திற்கு முறையாகப் பால் வழங்குபவராக இருக்கலாம். அந்த உறவை நிருவாகம் முன்பே அறிந்து ஒப்புதலும் தந்திருக்கலாம். எனவே பொருந்திவந்த பதிவைக் கண்டவுடன் எவரையும் குற்றஞ்சாட்டாமல், முதலில் காகிதத்தையும் அடுத்து சப்ளையரின் பேரேட்டையும் பார்க்கவேண்டும். இச்சோதனையைச் செய்பவர், பட்டியலில் பெயர் சேர்ப்பவராகவோ பணம் அனுப்புபவராகவோ இருத்தலாகாது. சிறிய நிறுவனமாயின் உரிமையாளரே அமர்ந்து செய்யலாம்.

முழு ஆண்டுக்கும் ஒருமுறை இச்சோதனையைச் செய்து முடித்தபின், அடுத்த மாதங்களில் பணம் அனுப்பும் முன்னரே, அன்றைய பட்டுவாடாப் பட்டியலை முந்தைய 45 நாள் பதிவுகளோடு சேர்த்து இதே தாளில் ஒட்டிப் பார்த்தால் போதும். ஜூலை 19 காலையில் அத்தோட்டத்தில் எவரேனும் அவ்வாறு செய்திருந்தால், 1,86,440 என்னும் தொகைக்கு எதிரே 2 என்னும் இலக்கம் தெரிந்திருக்கும். பணம் கணக்கிலேயே இருந்திருக்கும்.